90 நிமிடம் எரியுமா?

1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. தெற்கு தில்லியின் கிரீன் பார்க் பகுதியில் உள்ள உப்ஹார் தியேட்டரில் ‘பார்டர்’ இந்திப் படம் அன்றுதான் வெளியாகியிருந்தது. பிற்பகல் மூன்று மணிக் காட்சிக்குப் பால்கனி நிரம்பியிருந்தது. தரைத்தளத்தில் இருந்த மின்வாரிய டிரான்ஸ்பார்மர் அன்று காலையில்தான் பழுதுபார்க்கப்பட்டிருந்தது. மாலை ஐந்து மணியை நெருங்கும் நேரத்தில் அது தீப்பிடித்தது. எண்ணெய் ஒழுகி, நிறுத்தியிருந்த கார்களுக்குத் தீ பரவியது. புகை படிக்கட்டு வழியாக மேலேறிப் பால்கனிக்குள் புகுந்தது. மின்சாரம் போனது, அரங்கம் இருண்டது.

அன்று 59 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது தீயின் சூடு அல்ல, புகை. பால்கனியின் வலப்பக்க நடைவழியைக் கூடுதல் இருக்கைகள் அடைத்திருந்தன, அந்தப் பக்கம் வெளியேற வழி இல்லை. தப்பிக்க வழிகாட்ட அவசர விளக்கும் எரியவில்லை, ஒலிபெருக்கியில் அறிவிப்பும் வரவில்லை. வழக்கு பல ஆண்டுகள் நடந்து உச்ச நீதிமன்றம் வரை போனபோது, தியேட்டர் நிர்வாகத்தின் குறைகளில் ஒன்றாக விளக்குகள் இல்லாததும் எழுதப்பட்டது.

தீ விபத்து என்றதும் தண்ணீர், மணல் வாளி, தீயணைப்பு வண்டி ஆகியவைதான் முதலில் நினைவுக்கு வரும். புகை சூழ்ந்த கட்டடத்தில் இருப்பவருக்கு முதலில் தேவைப்படுவது வேறு: எந்தப் பக்கம் போக வேண்டும், அடுத்த படி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் வெளியேறும் வழி விளக்குகள். வழக்கமான மின்சாரம் நின்ற சில நொடிகளில் அவை தாமாக எரிய வேண்டும், எல்லோரும் வெளியேறும் வரை அணையக் கூடாது. நிறையக் கட்டடங்களில் இவை மாட்டப்பட்டிருக்கின்றன. மாட்டிய விளக்கு தேவையான அளவு வெளிச்சத்தைத் தேவையான நேரம் வரை தருமா என்று பார்க்கும் வழக்கம்தான் குறைவு.

ஜெனரேட்டர் போதாதா?

பெரிய கட்டட உரிமையாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. “கீழே ஜெனரேட்டர் இருக்கிறது. கரண்ட் போனால் பத்துப் பதினைந்து நொடியில் வந்துவிடும். தனியாக பேட்டரி எதற்கு?”

இதற்கான பதில் 1993 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் கிடைத்தது. உலக வர்த்தக மையத்தின் நிலத்தடிக் கார் நிறுத்தத்தில், மதியம் 12.18 மணிக்கு, வேனில் வைத்திருந்த வெடிகுண்டு வெடித்தது. 6 பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இரட்டைக் கோபுரங்களிலிருந்து பல்லாயிரம் பேர் படிக்கட்டு வழியே இறங்க வேண்டியிருந்தது. அவசர ஜெனரேட்டர்கள் வேலைசெய்யத் தொடங்கியது உண்மை. ஆனால் வெடிப்பு அவற்றைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய்களையும் உடைத்திருந்ததால், சிறிது நேரத்திலேயே சூடேறி நின்றுபோயின. படிக்கட்டுகளில் இருந்த விளக்குகள் அந்த ஜெனரேட்டர்களையே நம்பியிருந்தன. நூறு மாடிக்கும் மேற்பட்ட கட்டடத்தில், புகை நிறைந்த இருட்டில், மக்கள் முன்னால் போனவரின் தோளைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் இறங்கினார்கள்.

மின்சாரம், ஜெனரேட்டர், கேபிள் எல்லாம் ஒரே அடித்தளத்தில் இருந்ததால் ஒரே அடியில் எல்லாம் போயின. இதற்குப் பிறகு அந்தக் கோபுரங்களின் படிக்கட்டுகளில் பேட்டரி விளக்குகள் பொருத்தப்பட்டன. படி விளிம்புகளிலும் கைப்பிடிகளிலும், வெளிச்சத்தை உள்வாங்கி இருட்டில் ஒளிரும் வண்ணம் பூசப்பட்டது. 2001 செப்டம்பர் 11 அன்று வெளியேறியவர்களில் பலர் அந்தக் கோடுகள் உதவியதாகப் பின்னர் விசாரணையில் சொன்னார்கள். நியூயார்க் நகரம் 2004இல் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு அவற்றைச் சட்டப்படி கட்டாயமாக்கியது.

ஒவ்வொரு விளக்குக்குள்ளும் சிறு பேட்டரி இருந்தால், அறையோடு அறையாகவோ கேபிளோடு கேபிளாகவோ சேர்ந்து போகாமல் அது தன் பாட்டுக்கு எரியும். எல்லா விளக்குக்கும் ஒரே பெரிய பேட்டரி அறை வைப்பதும் உண்டு. அப்படி வைத்தால், அந்த அறையிலிருந்து கிளம்பும் கேபிள் தீயிலும் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். ஓர் அறையில் யுபிஎஸ் வைத்துச் சாதாரண வயரை நடைபாதை நெடுக இழுத்துவிட்டால், அந்த அறையிலோ வழியிலோ தீப்பிடித்ததும் நடைபாதை முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டுபோகும். பேட்டரி வைப்பதாலேயே ஜெனரேட்டரை விட்டுவிடலாம் என்றும் பொருள் இல்லை. இந்திய தேசியக் கட்டடக் குறியீடு பேட்டரி விளக்கை ஜெனரேட்டருக்குப் பதிலாக வைக்கக் கூடாது என்கிறது. பம்ப்பும் லிஃப்ட்டும் ஓட ஜெனரேட்டர் வேண்டும். அது ஓடத் தொடங்கும் வரையிலும், ஓடாமல் போனாலும், கண்ணுக்கு வழி தெரிய பேட்டரி வேண்டும்.

எவ்வளவு வெளிச்சம்?

ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் ஒளியின் அளவுதான் லக்ஸ். எழுதும் மேசைமேல் வழக்கமாக 300 முதல் 500 லக்ஸ் வைப்பார்கள். பௌர்ணமி நிலா வெளிச்சம் ஏறத்தாழ கால் லக்ஸ்தான். ஐரோப்பியத் தரநிலை, இரண்டு மீட்டர் அகலம் வரையிலான வெளியேறும் வழியின் நடுக்கோட்டில் தரைமட்டத்தில் குறைந்தது 1 லக்ஸ் இருந்தால் போதும் என்கிறது. அதாவது நான்கு நிலாக்களின் வெளிச்சம். இந்தியக் கட்டடக் குறியீடு கேட்பது அதைவிடப் பல மடங்கு: நடுக்கோட்டில் 10 லக்ஸ், வழியின் பாதி அகலத்துக்குக் குறைந்தது 5 லக்ஸ். எரிய வேண்டிய நேரம் 90 நிமிடத்துக்குக் குறையக் கூடாது.

தரைமட்டத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே விளக்கு பளிச்சென்று தெரிவதற்கும் தரையில் வெளிச்சம் விழுவதற்கும் சம்பந்தம் இல்லை. ஓடுபவர் தடுக்கி விழுவது தரையில் இருக்கும் படியிலோ பெட்டியிலோதான்.

இன்னொன்று, விளக்குக்கு நேர்கீழே பிரகாசமாகவும் இரண்டு விளக்குக்கு நடுவே கும்மிருட்டாகவும் இருந்தால் கண் தடுமாறும். 300 லக்ஸில் இருந்த கண் திடீரென்று மங்கலான இடத்துக்குப் பழகச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். போகப் போகப் பிரகாசமும் இருட்டும் மாறி மாறி வந்தால், ஒவ்வொரு முறையும் கண் புதிதாகப் பழக வேண்டும். அதனால்தான் வழியில் கூடிய வெளிச்சம், குறைந்த வெளிச்சத்தைப்போல் 40 மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று ஐரோப்பிய, அமெரிக்க விதிகள் இரண்டும் சொல்கின்றன. மின்சாரம் போய் 5 நொடிக்குள் பாதி வெளிச்சமும் ஒரு நிமிடத்துக்குள் முழு வெளிச்சமும் வர வேண்டும் என்ற ஐரோப்பிய விதிக்கும் இந்தப் பழகும் நேரமே காரணம்.

ஒரு நடைபாதைக்கு எத்தனை விளக்கு?

விதியைச் சொல்வது எளிது, விளக்கை எங்கே மாட்டுவது? ஒரு லாட்ஜின் மாடி நடைபாதையை எடுத்துக்கொள்ளலாம். நீளம் 20 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். இரண்டு முனையிலும் படிக்கட்டுக் கதவு. விளக்கு தரையிலிருந்து 2.7 மீட்டர் உயரத்தில் பொருத்தப்படும்.

விளக்கை வாங்கும்போது பெட்டியில் லூமென் என்று ஓர் எண் இருக்கும். அது விளக்கு மொத்தமாக உமிழும் ஒளி. பேட்டரியில் எரியும்போது எத்தனை லூமென் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மின்சாரத்தில் எரியும்போது தரும் அளவைவிட அது குறைவாக இருக்கும், சில விளக்குகளில் மிகக் குறைவாக. பேட்டரியில் 200 லூமென் தரும் சாதாரணமாகப் பரப்பும் விளக்கு ஒன்றை 2.7 மீட்டர் உயரத்தில் வைத்தால், நேர்கீழே தரையில் விழுவது சுமார் 8.7 லக்ஸ். பக்கவாட்டில் 3 மீட்டர் தள்ளினால் 1.8 லக்ஸுக்குக் குறைந்துவிடும். ஆறு மீட்டர் இடைவெளியில் இரண்டு மாட்டினால், நடுவில் இரண்டும் சேர்ந்து 3.5 லக்ஸ் தரும். ஐரோப்பிய விதிக்கு இது தாராளம். நம் விதிக்கு நேர்கீழேகூடப் போதாது. ஐரோப்பாவுக்கென்று போட்ட இடைவெளி அட்டவணையை அப்படியே எடுத்து இங்கே பயன்படுத்தினால் கணக்கு இங்கேதான் இடிக்கும்.

400 லூமென் விளக்கு எடுத்தால் நேர்கீழே சுமார் 17 லக்ஸ் கிடைக்கும். ஐந்து மீட்டர் இடைவெளியில் வைத்தால் நடுவில் பத்தைச் சற்றே தாண்டும். வரைபடத்தில் இது தேறிவிடும், ஆனால் புது விளக்குக்கும் சுத்தமான மூடிக்கும் மட்டும்தான். விளக்குக்கு வயதாகும், மூடியில் தூசு படியும், பேட்டரி இறங்க இறங்க ஒளி குறையும். இவற்றுக்காக 30 சதவீதம் கழித்தால் அது 7 லக்ஸ்தான். இடைவெளியை 4 மீட்டராகக் குறைத்தால் நடுவில் புதிதாக 15 லக்ஸ் வரும், கழிவுக்குப் பிறகும் சுமார் 11 நிற்கும். இரண்டு முனைக் கதவின் மேலும் ஒவ்வொன்று, இடையே நான்கு, ஆக ஆறு விளக்குகள்.

இந்தக் கணக்கில் சுவரிலிருந்து திரும்பும் ஒளி சேர்க்கப்படவில்லை. ஐரோப்பிய முறையிலும் சேர்ப்பதில்லை. இன்று வெள்ளைச் சுவர், நாளை அடர் நிற வால்பேப்பர். புகை நிறைந்தால் எந்தச் சுவரும் ஒளியைத் திருப்பாது.

இடைவெளிக் கணக்கு மட்டும் போட்டு நிறுத்துவதும் தவறு. முதலில் ஆபத்தான இடங்களுக்கு விளக்கு வைக்க வேண்டும், இடையில் மிஞ்சிய நீளத்துக்குத்தான் இடைவெளிக் கணக்கு. கட்டடக் குறியீட்டின்படி, நடைபாதைகள் சந்திக்கும் இடம், வழி திரும்பும் இடம், ஒவ்வொரு வெளியேறும் கதவு, தரைமட்டம் மாறும் இடம், தீ எச்சரிக்கைப் பொத்தான், தீயணைப்புக் கருவி ஆகியவற்றுக்கு அருகில் விளக்கு இருக்க வேண்டும். அருகில் என்றால் இரண்டு மீட்டருக்குள். படிக்கட்டில் ஒவ்வொரு வரிசைப் படிக்கும் நேரடி ஒளி விழ வேண்டும். திரும்பும் இடத்தில் ஒரே விளக்கை மாட்டிவிட்டு, மேல்வரிசையின் நிழலில் கீழ்வரிசையை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கடைசிக் கதவுக்கு வெளியேயும் ஒரு விளக்கு வேண்டும். ஓடி வந்தவர் வாசல்படியிலோ சாக்கடை மேலோ விழுந்தால், பின்னால் வருபவர்கள் எல்லோரும் கதவிலேயே நின்றுவிடுவார்கள்.

தியேட்டரில் இதோடு ஒரு கூடுதல் விஷயம் உண்டு. படம் ஓடும்போது அரங்கம் ஏற்கெனவே இருட்டாக இருக்கும். அதனால் வெளியேறும் வழியைக் காட்டும் பலகை எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் வகையாக இருக்க வேண்டும், மின்சாரம் போனால் மட்டும் எரியும் வகை அங்கே கூடாது. இருளில் உட்கார்ந்திருப்பவர் ஆபத்து வருவதற்கு முன்பே கதவு எங்கே என்று பார்த்து வைத்திருப்பார்.

பச்சை விளக்கு சொல்லாதது

விளக்கின் மூடியோரம் சிறிய பச்சை ஒளிப்புள்ளி இருக்கும். அது எரிந்தால் எல்லாம் சரி என்றுதான் நிர்வாகிகள் நினைக்கிறார்கள். சாதாரண விளக்கில் அந்தப் புள்ளி சொல்வது ஒன்றே ஒன்று: சார்ஜர் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று அதற்குத் தெரியாது.

லாட்ஜ் நடைபாதையின் 400 லூமென் விளக்குக்கே கணக்கு போட்டுப் பார்க்கலாம். பேட்டரியில் எரியும்போது எல்இடிக்கு சுமார் 4 வாட் வேண்டும், சுற்றில் வீணாவதையும் சேர்த்தால் 4.7 வாட். 90 நிமிடத்துக்கு 7 வாட்-மணி ஆற்றல் தேவை. உள்ளே 6.4 வோல்ட், 1.5 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இருந்தால், புதிதில் அதன் ஆற்றல் 9.6 வாட்-மணி. அப்போது விளக்கு இரண்டு மணி நேரம் எரியும். பேட்டரி 20 சதவீதம் தேய்ந்தால் 98 நிமிடம், இன்னும் பத்து சதவீதம் தேய்ந்தால் 86 நிமிடம். பாதி தேய்ந்தால் ஒரு மணி நேரம்தான். இந்த மூன்று நிலையிலும் பச்சைப் புள்ளி ஒரே மாதிரிதான் எரியும். சோதனைப் பொத்தானை அழுத்தினாலும் விளக்கு பளிச்சென்று எரியும். பேட்டரிக்குள் ஐந்து நிமிட ஆற்றல் இருந்தாலே அதற்குப் போதும்.

தேய்வு ஏன் வருகிறது? நம் ஊரில் முதல் காரணம் சூடு. லெட் ஆசிட் பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுளில் ஏறத்தாழ பாதியை இழக்கும் என்பது அந்தத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. மற்ற வகைகளும் சூட்டில் சீக்கிரம் கெடும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு விளக்கு என்ன வெப்பத்தில் இருக்கும் என்று யோசித்தால், நான்கு ஆண்டு வரும் என்று உற்பத்தியாளர் சொன்னது இங்கே ஏன் வருவதில்லை என்பது புரியும்.

இரண்டாவது காரணம் வயரிங். விளக்குக்கு இரண்டு வேலை உண்டு: எப்போதும் சார்ஜ் ஆக வேண்டும், நடைபாதையின் சாதாரண விளக்கு அணைந்தால் எரிய வேண்டும். அதனால் சார்ஜுக்கான லைன் ஸ்விட்ச் வழியாக வரக் கூடாது, ஆனால் நடைபாதை விளக்குகளுக்கு மின்சாரம் தரும் அதே எம்சிபியிலிருந்து வர வேண்டும். இரண்டில் எது தவறினாலும் கெடுதல்தான்.

ஸ்விட்ச் வழியாக வந்தால், இரவு காவலாளி நடைபாதை விளக்குகளை அணைக்கும்போதெல்லாம் அவசர விளக்கு எரியத் தொடங்கி பேட்டரி தீரும் வரை எரியும். தினமும் அடிமட்டம் வரை தீரும் பேட்டரி சில மாதங்களில் வீணாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். இரவில் ஸ்விட்சை அணைத்தபின் அவசர விளக்கு எரிகிறதா, காலையில் பச்சைப் புள்ளி அணைந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

மாறாக, வேறு ஏதோ தனி லைனிலிருந்து இழுத்திருந்தால், நடைபாதையின் எம்சிபி மட்டும் விழும்போது நடைபாதை இருண்டுவிடும், அவசர விளக்கு எரியாது. கட்டடத்தின் மெயின் லைனில் மின்சாரம் இருப்பதால் அதற்கு இருட்டு என்று தெரியாது. தீ ஒரு மூலையில் தொடங்கி அங்கே வயரைச் சுட்டு முதலில் விழுவது அந்தப் பகுதி எம்சிபிதான். எனவே சோதனையின்போது மெயினை அணைத்துப் பார்ப்பதோடு, ஒவ்வொரு பகுதியின் எம்சிபியையும் தனித்தனியாக அணைத்துப் பார்க்க வேண்டும்.

தினமும், மாதமும், ஆண்டும்

ஐரோப்பியத் தரநிலை வகுத்துள்ள சோதனை முறை மூன்று அடுக்கு. பிரிட்டனில் அது நீண்ட காலமாக நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவிலும் மாதம் ஒரு முறை 30 நொடிச் சோதனை, ஆண்டுக்கு ஒரு முறை 90 நிமிடச் சோதனை என்று வேறு வடிவில் அதுவே இருக்கிறது.

தினச் சோதனை கண்ணால் பார்ப்பதுதான். மைய பேட்டரி இருந்தால் அதன் பலகையில் பிழை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். மாதச் சோதனையில் மின்சாரம் போனதுபோல் எம்சிபியை அணைத்து, எல்லா விளக்கும் எரிகிறதா என்று நடந்து பார்த்து, மீண்டும் இயக்க வேண்டும். நீண்ட நேரம் அணைத்து வைக்கக் கூடாது, பேட்டரி தீர்ந்துபோகும். இந்த நடையில் வேறு பலவும் கண்ணில் படும். வெளியேறும் பலகையை மறைத்து விளம்பரப் பதாகை தொங்கும். ஓராண்டுக்கு முன் அறை பிரித்துச் சுவர் எழுப்பியதில் ஒரு விளக்கு சாமான் அறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். பெயின்டர் மூடியின் மேல் வெள்ளை அடித்துவிட்டிருப்பார்.

ஆண்டுச் சோதனைதான் பேட்டரியின் உண்மையைச் சொல்லும். விளக்குகளை முழு நேரத்துக்கும், அதாவது 90 நிமிடத்துக்கும், எரிய விட வேண்டும். கட்டடம் பயன்பாட்டில் இல்லாத நேரத்தில், முன்கூட்டி எல்லோருக்கும் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். லாட்ஜில் மதியம் அறைகள் காலியாகும் நேரம் பொருந்தும்.

அந்த லாட்ஜில் இதை எப்படி நடத்துவார்கள் என்று பார்க்கலாம். மேலாளர் கையில் குறிப்பேடும், எலெக்ட்ரீஷியன் கையில் லக்ஸ் மீட்டரும். 12.00 மணிக்கு எம்சிபியை அணைத்ததும் ஆறு விளக்கும் எரிகின்றன. மேலாளர் நேரத்தை எழுதுகிறார். ஒரு மணி நேரம் ஆனதும் இருவரும் மீண்டும் சுற்றி வருகிறார்கள்.

“சார், மூணாவது லைட் மங்கிடுச்சு பாருங்க.”

“அது போன வருஷம் மாத்தினதாச்சே!”

“மாத்தினது அஞ்சாவது சார். அதுல தேதி ஒட்டி வெச்சிருக்கேன். இதுல ஒண்ணும் ஒட்டலை.”

1.10 மணிக்கு மூன்றாவது விளக்கு அணைகிறது. 70 நிமிடம்தான் தாங்கியது. மற்றவை எரிகின்றன. 1.25க்கு, அதாவது 85ஆம் நிமிடத்தில், எலெக்ட்ரீஷியன் லக்ஸ் மீட்டரைத் தரையில் வைத்து அளக்கிறார். ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லையென்றால் வெயில் வெளிச்சமும் சேர்ந்துவிடும். நான்காவது, ஐந்தாவது விளக்குகளுக்கு நடுவே 11 லக்ஸ். இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே, மூன்றாவதின் நேர்கீழே, 3 லக்ஸ்தான். ஒரே ஒரு விளக்கு போனதில் அந்த எட்டு மீட்டர் நீளத்தில் பெரும்பகுதி விதிக்குக் கீழே போய்விட்டது.

1.30க்கு மின்சாரத்தைத் திருப்பிவிட்டு ஒவ்வொன்றிலும் பச்சைப் புள்ளி திரும்ப வருகிறதா என்று பார்க்கிறார்கள். இதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஆறு பேட்டரிகளும் இப்போது காலி. முழுமையாக நிரம்ப 24 மணி நேரம் வரை ஆகும். அன்று மாலை தீப்பிடித்து மின்சாரம் போனால் நடைபாதை இருட்டுதான். அதனால் பெரிய கட்டடங்களில் ஒரு நாள் ஒன்றுவிட்டு ஒரு விளக்கைச் சோதித்து, அவை நிரம்பிய பிறகே மற்றவற்றைச் சோதிப்பார்கள். அது முடியாத இடத்தில் சோதனை முடிந்த இரவு மட்டும் டார்ச்சுடன் ஆள் போட வேண்டும்.

இதே விஷயம் நீண்ட மின்வெட்டுக்கும் பொருந்தும். ஒன்றரை மணி நேரம் கரண்ட் போய்த் திரும்பினால், அந்த நேரம் முழுவதும் பேட்டரி எரிந்து தீர்ந்திருக்கும். மின்சாரம் வந்த அடுத்த நிமிடமே அரங்கத்தையோ மண்டபத்தையோ மக்களால் நிரப்பினால், பாதுகாப்பு விளக்கு இல்லாத கட்டடத்தில்தான் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். விடுதி, மருத்துவமனை போல் மக்கள் தூங்கும் இடங்களுக்கும், வெளியேறாமல் காத்திருக்க வேண்டிய இடங்களுக்கும் பிரிட்டனில் 3 மணி நேர விளக்குகள் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது தானே தன்னைச் சோதித்துக்கொள்ளும் விளக்குகளும் கிடைக்கின்றன. குறித்த நாளில் தானே பேட்டரிக்கு மாறி, முழு நேரம் எரிந்து, தவறினால் பச்சைப் புள்ளியைச் சிவப்பாக்கும். நூற்றுக்கணக்கான விளக்குகள் உள்ள கட்டடத்துக்கு இது பெரும் வசதி. ஆனால் சிவப்பாக மாறியதை யாராவது நடந்து பார்த்து எழுத வேண்டும். வழியில் சுவர் எழுந்ததும் பதாகை மறைத்ததும் அதற்குத் தெரியாது.

இந்த முறைக்கும் ஒரு வரம்பு உண்டு. புகை மேலே திரளும். கூரையில் மாட்டிய விளக்கின் ஒளி அடர்ந்த புகையை ஊடுருவிக் கீழே வராது. உலக வர்த்தக மையத்துக்குப் பிறகு படி விளிம்பிலும் கைப்பிடியிலும் ஒளிரும் கோடுகள் வந்தது இதனால்தான். அவை கீழே இருக்கும், பேட்டரியும் வேண்டாம். ஆனால் முன்பு வெளிச்சம் பட்டிருந்தால்தான் ஒளிரும். எப்போதும் இருட்டாக இருக்கும் படிக்கட்டில் அவை உதவாது. கூரை விளக்கும் தரைக் கோடும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும்.

லாட்ஜின் குறிப்பேட்டில் அன்றைய பதிவு இப்படி இருக்கும்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மூன்றாவது விளக்கு 70ஆம் நிமிடத்தில் அணைந்தது, நடுவில் அளந்த லக்ஸ் எண்கள், செய்தவர் கையெழுத்து. மறுநாள் புது பேட்டரி போட்டு அதன் மேல் தேதியை மார்க்கரால் எழுதுகிறார்கள். ஒரு முழு நாள் சார்ஜ் ஆனபின் அந்த ஒரு விளக்கை மட்டும் மீண்டும் 90 நிமிடம் எரிய விட்டு, முடிவைப் பதிவுசெய்கிறார்கள். இரண்டாவது, நான்காவது விளக்குகளின் பேட்டரிகளும் அதே ஆண்டு வாங்கியவை என்று குறிப்பேட்டில் தெரிந்தால், அடுத்த ஆண்டுச் சோதனை வரை காத்திராமல் அவற்றையும் அப்போதே மாற்றிவிடுவது கெட்டிக்கார எலெக்ட்ரீஷியன்களின் வழக்கம்.